எஃப்.எஸ்.ஐ. இரண்டு என்கிறார்கள், ஆனால் முற்றத்தை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

கொள்ளிடக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள ஒரு குறுக்குத் தெருவில் தாத்தா காலத்து வீடு இருக்கிறது. அகலம் 24 அடி, நீளம் 150 அடி, ஆக 3600 சதுர அடி, எட்டேகால் சென்ட். தெரு 20 அடிதான். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அப்புறம் கொல்லையில் கிணறு. ஓடெல்லாம் போய்விட்டது, மழைக்கு ஒழுகுகிறது. நானும் தம்பியும் சேர்ந்து இடித்துக் கட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

இன்ஜினியர் சொல்வது இதுதான். எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு என்பதால் மொத்தம் 7200 சதுர அடி கட்டலாம். ஆனால் கோயில் பக்கம் என்பதால் ஒன்பது மீட்டருக்கு மேல் உயரம் போகக் கூடாது. அதனால் முன்னும் பின்னும் ஐந்தைந்து அடி விட்டுவிட்டு மிச்ச நீளம் முழுக்க மூடி, கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், மொட்டை மாடியில் ஒரு அறை என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். முற்றத்துக்குப் பதிலாகக் காற்றுப் போக நாலடிக்கு மூன்றடியில் ஒரு டக்ட். "முற்றம் விட்டால் இடம் வீணாகும் சார்" என்கிறார்.

அம்மாவுக்கு முற்றம் வேண்டும். தம்பிக்கு வாடகை வர வேண்டும். எனக்குப் புரியாதது ஒன்றுதான்: உயரத்தைக் கட்டுப்படுத்தத்தானே எஃப்.எஸ்.ஐ. வைத்தார்கள்? அதுதான் உயர வரம்பு என்றால் ஒன்பது மீட்டர் என்று தனியாக எதற்கு?

வான்மாடி:
அண்ணா, எஃப்.எஸ்.ஐ. என்பதே உயர வரம்புதான், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நம் ஊர்களில் அதைக் கஞ்சத்தனமாக வைத்திருப்பதால்தான் நெரிசல். சிங்கப்பூரில் நகர மையத்தில் 25 வரைக்கும் கொடுக்கிறார்கள், அங்கே நெரிசலா தெரிகிறது? மும்பையில் 1991 விதியில் தீவு நகரத்துக்கு 1.33, புறநகருக்கு 1 என்று வைத்தார்கள், அங்கே என்ன ஆயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். இதை எடுத்துவிட்டால் வீட்டு விலையும் இறங்கும், நெரிசலும் குறையும்.

வரைபலகை:
நான் தஞ்சாவூரில் இருபத்தாறு வருடமாக வரைபடம் போட்டு அனுமதி வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். முதலில் கொள்ளிடக்கரையின் கேள்வி.

எஃப்.எஸ்.ஐ.யில் உயரம் என்ற சொல்லே கிடையாது. எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் வரும் எண் அது. உங்கள் மனையில் 7200 சதுர அடியை இரண்டே தளமாக, மனை முழுக்கப் பரப்பியும் கட்டலாம். மனையில் பாதியை வெறுமனே விட்டுவிட்டு நாலு தளமாகவும் கட்டலாம். கால்வாசியில் எட்டு தளமாகவும் கட்டலாம். மூன்றுக்கும் எண் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் வானமே தெரியாது, மூன்றாவதில் தெருவோடு ஒட்டாமல் ஒரு கோபுரம் நிற்கும். கட்டிடம் எந்த வடிவத்தில் வரும் என்பதை முடிவு செய்வது எஃப்.எஸ்.ஐ.யோடு சேர்ந்து வருகிற மற்ற விதிகள், அதாவது மனை எல்லையிலிருந்து காலியாக விட வேண்டிய செட்பேக், தெரு அகலம், உயர வரம்பு.

உங்கள் மனையில் நடப்பது என்ன என்றால், பரப்பு வரம்பு ஒரு பக்கம் இழுக்கிறது, ஒன்பது மீட்டர் இன்னொரு பக்கம் அழுத்துகிறது. மேலே போக முடியாத பரப்பு பக்கவாட்டில் பரவுகிறது. பரவுவதற்கு மிச்சம் இருப்பது முற்றம்தான். உங்கள் இன்ஜினியர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் "இடம் வீணாகும்" என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இரவு கணக்குப் போட்டுவிட்டு வருகிறேன்.

வான்மாடி:
மேடம், நடைமுறையில் எஃப்.எஸ்.ஐ. குறைவென்றால் கட்டிடமும் குட்டையாகத்தான் வருகிறது. நான் சொன்னதில் என்ன தப்பு?

வரைபலகை:
சின்ன மனையில் நீங்கள் சொல்வது சரி, ஏனென்றால் எல்லாரும் விளிம்பு வரைக்கும் கட்டுகிறார்கள். பெரிய மனையில் அப்படி இல்லை. தமிழ்நாட்டிலேயே பாருங்கள். 2019 கட்டிட விதிகளுக்கு முன்னால் சாதாரணக் கட்டிடத்துக்கு 1.5, அடுக்குமாடிக்கு 2.5 என்று இருந்தது. இப்போது 2, 3.25. எண்ணை ஏற்றினார்கள், ஆனால் 18.3 மீட்டருக்கு மேல் போகும் கட்டிடத்துக்கு அகலமான ரோடும் சுற்றிலும் பெரிய செட்பேக்கும் இல்லாமல் அந்த 3.25 கிடைக்காது. காசு கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கூட ரோட்டு அகலத்தைப் பார்த்துத்தான் கூடும், குறையும். ரோடு எவ்வளவு தாங்கும் என்பதை வைத்துத்தான் எண்ணே வருகிறது.

மும்பையைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. அங்கே எண் குறைவு, நெரிசல் அதிகம் என்பது உண்மை. அதற்குக் காரணம் ஒரு ஆளுக்குக் கிடைக்கிற தரைப்பரப்பு மிகக் குறைவு என்பது. எஃப்.எஸ்.ஐ. கட்டிடத்தை எண்ணுகிறது, உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுவதே இல்லை.

ரேழி_ஜானகி:
இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். கும்பகோணத்தில் நாங்கள் இருந்த வீட்டில் எனக்கு நினைவு தெரிந்து எட்டுப் பேர். பெரியவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் அதையே குறுக்குச் சுவர் எழுப்பி ஆறு போர்ஷன் ஆக்கினார். ஒரு செங்கல் கூட வெளியே நீளவில்லை, மேலே ஒரு தளம் ஏறவில்லை. எட்டுப் பேர் இருந்த வீட்டில் இருபத்திரண்டு பேர். ஒரே கிணறு, இரண்டே கழிப்பறை, காலையில் வாளியோடு வரிசை. மேலே வரைபலகை சொல்லும் கணக்கில் அந்த வீட்டின் எண் மாறவே இல்லைதானே?

முற்றத்தை மட்டும் மூடாமல் விட்டார்கள், அதனால்தான் அத்தனை பேரும் மூச்சு விட்டோம். வடகம் காயப்போட்டதும் அங்கே, குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்ததும் அங்கே. மழைக்காலத்தில் கூடத்தில் உட்கார்ந்தபடியே தண்ணீர் கொட்டுவதைப் பார்ப்போம். கொள்ளிடக்கரை தம்பி, உங்கள் அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மாயவரத்து_மாடி:
இதே விஷயம்தான் என்பதால் கேட்கிறேன். மாயவரத்தில் என் வீட்டுக்குக் கிழக்கே காலி மனை இருந்தது. 1996-லிருந்து அந்தப் பக்கம் இரண்டு ஜன்னல். போன வருடம் மனையை வாங்கியவர் என் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மூன்று மாடி எழுப்பிவிட்டார். படுக்கையறையில் காலை பத்து மணிக்கு விளக்குப் போட வேண்டியிருக்கிறது. புகார் கொடுத்தேன். அவர் எஃப்.எஸ்.ஐ.க்கு உட்பட்டுத்தான் கட்டியிருக்கிறார் என்று பதில் வந்தது. அப்படியானால் இந்த விதியால் யாருக்கு என்ன லாபம்?

வரைபலகை:
அண்ணா, உங்கள் ஜன்னலைக் காக்கும் வேலை எஃப்.எஸ்.ஐ.க்குக் கொடுக்கப்படவே இல்லை. அதைச் செய்ய வேண்டியது பக்கவாட்டு செட்பேக். அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவருடைய அனுமதி வரைபடத்தில் உங்கள் பக்கம் எத்தனை அடி காட்டியிருக்கிறார், தரையில் எத்தனை அடி விட்டிருக்கிறார். வரைபட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். வரைபடத்தில் மூன்றடி, தரையில் ஒன்றரை என்றால் அங்கேதான் பிடி இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி இருபது வருடம் தடையில்லாமல் ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சமும் காற்றும் அனுபவித்திருந்தால் அது உரிமையாகலாம். 1996 என்றால் வருடக் கணக்கு இருக்கிறது. ஆனால் வெளிச்சம் குறைந்தது என்பது மட்டும் போதாது, கணிசமான பாதிப்பு என்று நிரூபிக்க வேண்டும். வழக்கறிஞரிடம் போகும்போது ஜன்னல் எந்த வருடத்தது என்பதற்குப் பழைய போட்டோவோ வரி ரசீதோ எடுத்துப் போங்கள்.

திருச்சி_குமரன்:
நான் ஒரு பிளாட் வாங்கப் போகிறேன். பில்டர் யு.டி.எஸ்., அதாவது மனையில் என் பங்கு, பிளாட் பரப்பில் 38 சதவீதம் என்கிறார். எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் யு.டி.எஸ். 50 சதவீதம் இருக்க வேண்டாமா? ஏமாற்றுகிறாரா?

வரைபலகை:
தம்பி, இது வேறு கேள்வி, தனியாகப் போட்டால் நிறையப் பேர் பதில் சொல்வார்கள். சுருக்கமாக: அவர் சொல்லும் சதவீதம் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதையில் உங்கள் பங்கையும் சேர்த்த பரப்பில் எடுத்ததாக இருக்கும், பிரீமியம் வாங்கியிருந்தால் மொத்தப் பரப்பே இரண்டுக்கு மேல் போயிருக்கும். 38 என்பதை வைத்து மட்டும் ஏமாற்று என்று சொல்ல முடியாது.

கணக்கு_வாத்தியார்_ஆரூர்:
வெளிச்சம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கணக்கு. அமெரிக்காவில் 1915-ல் நியூயார்க்கில் ஈக்விட்டபிள் கட்டிடம் என்று ஒன்று எழும்பியது. மனையின் விளிம்பிலிருந்து நேராக மேலே போய்விட்டது, தரைப்பரப்பு மனையைப் போல முப்பது மடங்கு. தெருவே இருட்டில் விழுந்தது. அடுத்த வருடமே, 1916-ல், மேலே போகப் போகக் கட்டிடம் உள்ளே தள்ளிப் போக வேண்டும் என்று சட்டம் வந்தது. பரப்புக்கு எண் வைத்துக் கட்டுப்படுத்தும் முறை அங்கே 1961-ல் வந்தது, அதிகபட்சம் 15. ஆக, முதல் கவலை நிழல்தான்.

இப்போது ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். அட்சரேகை ஏறக்குறைய 11. டிசம்பர் மாதம் சூரியன் மிகவும் சாய்ந்திருக்கும் நாளில்கூட நண்பகலில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். முப்பதடிச் சுவரின் நிழல் வடக்கே இருபது அடிதான் விழும். அதே நாளில் நியூயார்க்கில் சூரியன் 26 டிகிரி, அதே சுவருக்கு நிழல் அறுபது அடிக்கு மேல். ஜூனில் நமக்கு சூரியன் வடக்கே சாய்கிறது, நிழல் ஏழடி கூட இல்லை. நிழல் அங்கே பிரச்சினை, இங்கே சித்திரை வெயிலில் எல்லாரும் தேடிப் போவது அதைத்தான். அதனால் அவர்கள் விதியை அப்படியே இங்கே வைத்துப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

வரைபலகை:
ஐயா, இந்தக் கணக்குக்கு நன்றி, நான் இப்படி யோசித்ததில்லை. நமக்கு வேண்டியது நேர் வெயில் இல்லை, வானத்தின் வெளிச்சமும் காற்றும். அதைத்தான் டக்ட் கொடுக்காது. ஒரு அறைக்குள் வெளிச்சம் ஜன்னல் மேல்விளிம்பின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்கு தூரம்தான் உருப்படியாகப் போகும். ஏழடி உயர ஜன்னல் என்றால் பதினைந்து அடி, பதினேழு அடி. கொள்ளிடக்கரையின் வீடு 140 அடி நீளம். தெருப்பக்கம் பதினேழு, கொல்லைப்பக்கம் பதினேழு போக நடுவில் நூறு அடிக்கு மேல் பகலிலும் விளக்கு எரியும்.

நாலுக்கு மூன்று டக்ட் எங்கிருந்து வந்தது தெரியுமா? தேசியக் கட்டிட விதித்தொகுப்பில் பத்து மீட்டர் உயரம் வரைக்கும் 1.2 சதுர மீட்டர், குறுகிய பக்கம் 0.9 மீட்டர் என்று ஒரு அளவு இருக்கிறது. பன்னிரண்டு பதிமூன்று சதுர அடி. உங்கள் இன்ஜினியர் போட்டது கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அது குளியலறை, கழிப்பறைக் காற்றுக்காகச் சொன்ன குறைந்தபட்சம். படுக்கையறை ஜன்னலை அதில் திறந்து வைத்துவிட்டு வெளிச்சம் வரும் என்று இருந்தால் பக்கத்துக் கழிப்பறை வாடைதான் வரும். எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

இப்போது உங்கள் கணக்கு. நூற்று நாற்பது அடி நீளத்தை முழுக்க மூடினால் ஒரு தளம் 3360. இரண்டு தளத்திலேயே 6720 வந்துவிடும், மேலே மிச்சம் 480 சதுர அடி, ஒரு அறை. அதாவது மூன்றாவது தளத்துக்கு உயரம் இருந்தும் பரப்பு இல்லை. இப்போது நடுவில் நாற்பது அடி நீளத்துக்கு, வீட்டு அகலம் முழுக்க முற்றம் விடுங்கள். முன்பக்கம் ஐம்பது, பின்பக்கம் ஐம்பது, ஒரு தளம் 2400. மூன்று தளம் போட்டால்? 7200. ஒரு அடி கூடக் குறையவில்லை. முற்றத்தை மூடியதால் உங்களுக்கு ஒரு அடி கூட அதிகமாகவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் பரப்பு முன்பே தீர்ந்துபோகிறது.

கொள்ளிடக்கரை:
அக்கா, இதைப் படித்துவிட்டு இன்றைக்கே இன்ஜினியரிடம் போனேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "ஒன்பது மீட்டருக்குள் மூன்று தளம் எப்படி சார் வரும், பேஸ்மட்டம் எங்கே போகும்" என்றார். எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் மட்டம் ஏறுகிறது. பழைய வீட்டின் திண்ணைக்கு முன்பு மூன்று படி இருந்ததாம், இப்போது ஒன்றுதான் வெளியே தெரிகிறது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வாசலில் நிற்கிறது. இரண்டடியாவது பேஸ்மட்டம் வேண்டும் என்கிறார்.

வரைபலகை:
அவர் கேட்டது நல்ல கேள்வி, இதை நான் விட்டுவிட்டேன். ஒன்பது மீட்டர் என்றால் இருபத்தொன்பதரை அடி. இரண்டடி பேஸ்மட்டம் போனால் மிச்சத்தை மூன்றால் வகுக்க ஒரு தளத்துக்கு ஒன்பதடி இரண்டு அங்குலம், கான்கிரீட் கனம் ஐந்து அங்குலம் கழித்தால் உள்ளே எட்டடி ஒன்பது அங்குலம். வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது ஒன்பதடி வேண்டும். மூன்று அங்குலம் குறைகிறது. பேஸ்மட்டத்தை ஓரடியாக்கினால் சரியாக வந்துவிடும், ஆனால் அடுத்த ரோடு போடும்போது தண்ணீர் உள்ளே வரும்.

இந்த மூன்று அங்குலத்துக்காகத்தான் டெல்டா முழுக்கக் கோயில் தெருக்களில் முற்றங்கள் போகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு தளமாகப் பரப்பினால் உயரத்தில் தாராளம், யாருக்கும் சிக்கல் இல்லை, நடு அறைகள் மட்டும் இருட்டு. என்னைக் கேட்டால் ஒன்பதைப் பத்தரை மீட்டராக்கிவிட்டு, அதற்குப் பதிலாக மனையில் கால்வாசி வானம் தெரிய விட வேண்டும் என்று கட்டாயமாக்கலாம்.

ரேழி_ஜானகி:
அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். பத்தரை என்று எழுதினால் பன்னிரண்டு கட்டுவார்கள். இப்போதே ஒன்பது என்று எழுதிய இடத்தில் நாலாவது மாடி தகரக் கொட்டகையாக ஆரம்பித்து அடுத்த வருடம் சுவராகி, அதற்கடுத்த வருடம் லாட்ஜ் போர்டு மாட்டுகிறார்கள். மதுரையிலும் மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது மீட்டர் என்று விதி இருக்கிறது, அங்கேயும் இதே சண்டைதான். ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் 236 அடி, பதின்மூன்று நிலை, 1987-ல்தான் முழுமையானது. அது தெரியாமல் போனால் அப்புறம் அந்த ஊருக்கு என்ன இருக்கிறது?

கணக்கு_வாத்தியார்_ஆரூர்:
அம்மா, உங்கள் கவலையில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் எங்கிருந்து தெரிய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இருபது அடித் தெருவில் ஒரு சுவரோரம் நின்று எதிர்வீட்டுக்கு மேலாகப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்வீடு முப்பதடி. கண்ணை 51 டிகிரிக்கு மேல் தூக்கினால்தான் வானம். அந்தக் கோணத்தில் 236 அடி கோபுரம் தெரிய வேண்டுமென்றால் அது இருநூறு அடிக்குள் இருக்க வேண்டும். அதாவது இப்போதுள்ள ஒன்பது மீட்டரிலேயே குறுக்குத் தெருக்களில் கோபுரம் மறைந்துதான் இருக்கிறது. தெரு நேராகக் கோபுரத்தைப் பார்த்துப் போகும் இடத்தில் வீடு எத்தனை உயரமானாலும் அது தெரியும்.

ஒன்பது மீட்டர் காப்பாற்றுவது தூரத்துப் பார்வையை. காவிரிப் பாலத்திலிருந்து, மலைக்கோட்டை உச்சியிலிருந்து. அங்கிருந்து பார்க்கும்போது தென்னந்தலைகளுக்கு மேலே கோபுரம் மட்டும் நிற்க வேண்டும். அதற்கு ஒன்பதா பத்தரையா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே, பார்க்கிறவருக்கும் கோபுரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு பத்து மாடி வந்தால் போதும், காட்சி கெட்டுவிடும். வட்டத்துக்குப் பதிலாகப் பார்வைக்கோட்டை வைத்து வரம்பு போட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

ரேழி_ஜானகி:
கணக்கு சரியாகவே இருக்கட்டும். குட்டையான தெருவில் நடக்கும்போது மனசுக்கு வரும் நிம்மதியை நீங்கள் எந்தக் கோணத்தில் அளப்பீர்கள்? நான் ஒன்பதோடுதான் நிற்பேன்.

வான்மாடி:
ஒன்றைக் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. வரைபலகை மேடம் சொன்னபடி எஃப்.எஸ்.ஐ. ஆட்களை எண்ணுவதில்லை, வெளிச்சத்தையும் காப்பதில்லை, உயரத்தையும் நிறுத்துவதில்லை. அப்புறம் அது எதற்காக இருக்கிறது?

வரைபலகை:
குழாய்க்காகவும் சாக்கடைக்காகவும். கொள்ளிடக்கரை வீட்டில் இப்போது எத்தனை பேர்? ஐந்து என்று வைப்போம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று குடிநீர்த் திட்டங்களில் கணக்கிடுவது வழக்கம், எழுநூறு லிட்டருக்குள் முடியும். 7200 சதுர அடியில் எட்டு குடித்தனம், வீட்டுக்கு நாலு பேர் என்றால் முப்பத்திரண்டு பேர், நாலாயிரத்து முந்நூறு லிட்டர். அதில் பெரும்பங்கு அதே தெருவின் புதை சாக்கடையில் போய் விழ வேண்டும். ஒரு வீடு செய்தால் ஒன்றும் தெரியாது. தெருவில் அறுபது வீடும் செய்தால் மேன்ஹோல் மூடி வழியாகத் தண்ணீர் வெளியே வரும். நகரமைப்பில் ஆட்களை எண்ண முடியாததால் தரையை எண்ணுகிறார்கள், தரைக்கு இத்தனை ஆள் வருவார்கள் என்று ஊகித்துக் குழாய் போடுகிறார்கள். ஜானகி அம்மா சொன்ன ஆறு போர்ஷன் மாதிரி நடந்தால் அந்த ஊகம் பொய்த்துப்போகும். வீடு லாட்ஜானாலும் அப்படித்தான், வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு அறையில் எட்டுப் பேர்.

அதனால் எண்ணை ஏற்றலாம் என்று நீங்கள் சொல்வதை நான் முழுக்க மறுக்கவில்லை. குழாயையும் ரோட்டையும் முதலில் பெரிதாக்கிவிட்டு ஏற்றினால் சரி. இருபது அடித் தெருவில் ஏற்றினால் சிங்கப்பூர் வராது.

வான்மாடி:
குழாய் பெரிதாகும் வரைக்கும் காத்திருந்தால் மக்கள் ஊருக்கு வெளியே நஞ்சையை மனையாக்கிக்கொண்டே போவார்கள். தஞ்சாவூரைச் சுற்றிப் பாருங்கள், போன தலைமுறையில் நெல் விளைந்த இடத்தில் நகர் நகராக எழும்பியிருக்கிறது. உள்ளே கட்டவிடாததற்கு வயல் விலை கொடுக்கிறது. இது எனக்கு ஆறவே இல்லை.

வரைபலகை:
இதில் உங்களோடு நான் இருக்கிறேன். என்னிடம் முழுப் பதில் இல்லை.

கொள்ளிடக்கரை, உங்கள் வீட்டுக்கு ஒரு வழி தோன்றுகிறது. நடுவில் அதே நாற்பது அடி முற்றம். முன்கட்டில் கீழே வண்டி நிறுத்தம் மட்டும். வண்டிக்குப் பேஸ்மட்டம் வேண்டாம், உயரமும் எட்டரை அடி போதும், அந்த இடம் எஃப்.எஸ்.ஐ. கணக்கிலும் வராது. அதற்கு மேலே இரண்டு தளம் பத்தடி வீதம் போட்டால் இருபத்தெட்டரை அடியில் முடிந்துவிடும். பின்கட்டை இரண்டடி பேஸ்மட்டத்தில் கீழ்த்தளமும் மாடியுமாக, உயரமான கூடத்தோடு, அம்மாவுக்கு விடுங்கள். வசிக்கும் பரப்பு 4800. தம்பி கேட்கும் 7200 இல்லை. ஆனால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம் வானம் இருக்கும். உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளக்கிறார்கள் என்பதை மட்டும் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். ரோட்டை மறுபடி ஏற்றினாலும் உங்கள் கையில் தாள் இருக்கும்.

கொள்ளிடக்கரை:
தம்பியிடம் காட்டினேன். 2400 சதுர அடி வாடகையை யார் கொடுப்பது என்று கேட்டான், கோபமாகத்தான் கேட்டான். கீழே வண்டி நிற்க வேண்டாம், கடை போடலாம் என்கிறான். கடை என்றால் கணக்கில் வந்துவிடும் என்றேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறான்.

வரைபலகை:
வேண்டாம். நிறுத்தம் என்று அனுமதி வாங்கிவிட்டு ஷட்டர் மாட்டினால் அதன் பிறகு அத்தனை வண்டியும் தெருவில்தான் நிற்கும். இருபது அடித் தெருவில் இரண்டு பக்கமும் வண்டி நின்றால் ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வரும்? உங்கள் அம்மாவுக்குத்தான் முதலில் அது வேண்டியிருக்கும். கடை வேண்டுமென்றால் இப்போதே வரைபடத்தில் கடை என்றே காட்டுங்கள், 7200-ல் இன்னும் இடம் இருக்கிறது, வண்டிக்கு வேறு வழி யோசிப்போம்.

கணக்கு_வாத்தியார்_ஆரூர்:
உங்கள் மனை வடக்கு தெற்காக நீளுகிறதா, கிழக்கு மேற்காகவா? வடக்கு தெற்கு என்றால் டிசம்பரில் தெற்குக் கட்டின் நிழல் முற்றத்தில் பாதி வரைக்கும் வரும், வடக்குப் பாதியில் வெயில் இருக்கும். வடகம் காயப்போட அந்தப் பாதியை விடச் சொல்லுங்கள். கிழக்கு மேற்கு என்றால் பக்கத்து வீட்டுச் சுவரின் உயரத்தையும் அளந்து அனுப்புங்கள், நிழல் அங்கிருந்துதான் வரும்.

கொள்ளிடக்கரை:
வடக்கு தெற்குதான் சார், வாசல் வடக்கே. மேற்கு வீட்டுக்காரரும் அடுத்த வருடம் இடிக்கப் போவதாகச் சொல்கிறார். அவரும் நடுவில் அதே நாற்பது அடியை விட்டால் இரண்டு முற்றமும் சேர்ந்து நாற்பத்தெட்டு அடி அகலம் ஆகும் என்று அம்மா சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம், தம்பியும் வருகிறேன் என்றிருக்கிறான்.